சான்றிதழ் கேட்கும் மெசேஜ்: ஒரே மூச்சிலா, வரி வரியாகவா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை, எடை நிலையத்துக்கு ஒரு கிராணியைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆவணம் கேட்டு அவருக்கு இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்:

“வணக்கம் தம்பி, வாழ்த்துகள். ஐசி, சர்டிபிகேட் எல்லாத்தையும் சீக்கிரம் அனுப்பிடுங்க.”

மரியாதையில் குறையில்லை. ஆனால் பதிலுக்கு ஐசியின் முன்பக்கப் படமும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுத் தாளும் வந்து சேரும். அலுவலகத்துக்கு வேண்டியது சிஜில். முடிவுத் தாள் முடிவு வெளியாகும் அன்றே கையில் கிடைக்கும். சிஜில் பிறகுதான் பள்ளிக்கு வரும். அதைப் போய் வாங்காமலே விட்டவர்கள் தோட்டப்புறத்தில் உண்டு. அப்படிப்பட்டவர் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் ‘சிஜில்’ என்ற சொல் முதல் மெசேஜிலேயே இருந்தாக வேண்டும்.

இரண்டாம் விதம்:

“வணக்கம் தம்பி. எடை நிலையக் கிராணி வேலைக்குத் தேர்வானதற்கு வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் இவற்றை அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்:
1. ஐசி, இரண்டு பக்கமும்
2. எஸ்.பி.எம். சிஜில் (முடிவுத் தாள் அல்ல)
3. இபிஎஃப் எண், முன்பே இருந்தால்
அசல்களை வேலையில் சேரும் நாளில் கொண்டு வாருங்கள். பார்த்ததும் உங்களிடமே கொடுத்துவிடுவோம். ஏதாவது கையில் இல்லையென்றால் எது, எப்போது கிடைக்கும் என்று இன்றே சொல்லுங்கள். நன்றி.”

என் தேர்வு இதுதான். கேட்பது மூன்றே பொருள், ஒவ்வொன்றிலும் எது வேண்டும் என்பது தெளிவு. முதல்முறை வேலைக்குப் போகிறவருக்கு இபிஎஃப் எண் இல்லாமல் இருக்கலாம். ‘முன்பே இருந்தால்’ என்று எழுதாவிட்டால் எதையோ தவறவிட்டோம் என்று பயந்துவிடுவார். அசல் பற்றிய வரியும் அப்படித்தான். ஐசியை யாரிடமாவது விட்டுவிட்டு வருவதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள், அது நியாயமும்கூட.

மெசேஜை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆவணங்களை மட்டும் மின்னஞ்சலில் வாங்குவது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, சிஜிலின் சிறிய எழுத்துகள் மங்கிப்போகும். ஐசி படமும் கிராணிமார் கைபேசிகளில் தேங்கிக் கிடக்கும். மின்னஞ்சல் பழக்கமில்லாதவர் போட்டோஸ்டாட் கடையில் ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பட்டும். அதையும் ஒருவருடைய எண்ணுக்கு மட்டும் கேளுங்கள், குரூப்பில் வேண்டாம்.

ஐசி நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று மலாயில் எழுதி அனுப்பும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. எழுத்தும் எண்ணும் தெரியும்வரை அப்படி வந்த நகலைத் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னும் ஒரு படி மேலே போய், “விரும்பினால் குறுக்கே கோடிட்டு அனுப்பலாம்” என்று பட்டியலின் முதல் வரியின் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.