மல்டிமீட்டரில் 3.8 வோல்ட் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

மின்காரில் ஓடி ஓய்ந்த பேட்டரியை வாங்கி வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், நான் மாட்டிக்கொண்ட கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யோசனையில் தப்பில்லை. கார் ஓட நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். இரவில் என் வீட்டுக்கு வேண்டியது சுமார் 300 வாட்; 50 வோல்ட் பேட்டரியில் அது ஆறேழு ஆம்பியர்தான். அதனால் கொள்ளளவு 70, 80 சதவீதத்துக்கு இறங்கி காருக்கு ஒத்துவராமல் போன பேட்டரிகூட வீட்டில் பல வருடம் உழைக்கும். இதை நம்பித்தான் 14 செல்கள் தொடராக இணைத்த ஒரு பேக்கை வாங்கினேன். புதிதாக இருந்தபோது ஒவ்வொரு செல்லும் 120 ஆம்பியர் அவர். "இப்போது 80 சதவீதம் இருக்கிறது, அடித்துச் சொல்கிறேன்" என்றார் விற்றவர். ஆதாரமாக, காரில் இருந்தபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று. அப்புறம் மல்டிமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் வைத்துக் காட்டினார். எல்லாமே 3.8 வோல்ட். நானும் தலையாட்டிவிட்டேன்.

கணக்குப்படி 96 ஆம்பியர் அவர், செல்லுக்குச் சராசரி 3.7 வைத்து 51.8 வோல்ட், அதாவது ஏறக்குறைய 5 யூனிட். ஆயுளுக்காக, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்டில் மேலும் கீழும் கொஞ்சம் விட்டு 80 சதவீதம்தான் பயன்படுத்துகிறேன். இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் போகும். மிச்சம் 3.6 யூனிட், 300 வாட்டுக்கு 12 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குப் போட்டால் விடிந்த பிறகும் ஓட வேண்டும். முதல் வாரமே அதிகாலை நாலரைக்கு இன்வெர்ட்டர் கத்தியது. மறுநாளும் அதே நேரம். ஒருநாள் மோட்டார் போட்டு 30 ஆம்பியர் இழுத்தபோது திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மற்ற செல்களெல்லாம் 0.05 வோல்ட் இறங்க, ஒன்பதாவது செல் மட்டும் 0.2 வோல்ட் இறங்கியது. உள்தடை எகிறிய செல்லுக்கு அதுதான் அடையாளம்.

பேக்கைப் பிரித்துத் தனித்தனியாகச் சோதித்தேன், நாளுக்கு ஒரு செல். என்னிடம் இருக்கும் வகை செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, 20 ஆம்பியரில் 3.0 வோல்ட் வரை இறக்கி, எத்தனை ஆம்பியர் அவர் வெளியே வந்தது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் சோதனை. 96 இருக்கும் செல் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாக்குப்பிடிக்கும். ஒன்பதாவது செல் மூன்று மணி நேரத்தில் படுத்துவிட்டது: 61. இன்னொன்று 68. மற்ற பன்னிரண்டும் 84 முதல் 90 வரை. சொன்ன 80 சதவீதம் ஒரு செல்லில்கூட இல்லை. நீல உறையை உரித்துப் பார்த்தால், அந்த இரண்டு செல்களின் முத்திரை எண் வரிசையே வேறு. வேறொரு பேக்கில் இருந்து எடுத்துச் செருகியிருக்கிறார்கள்.

ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து வைத்தால் நல்ல செல்லும் நோஞ்சான் செல்லும் மீட்டரில் ஒன்றுபோலத்தான் தெரியும். சின்னச் சொம்பும் பெரிய அண்டாவும் பாதி நிரம்பியிருக்கிற மாதிரி. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த எண்ணும் பழைய முழுப் பேக்குக்கு காரின் கணினி போட்ட மதிப்பீடு. பிரித்து மாற்றிக் கோத்த பிறகு அதற்கு அர்த்தமே இல்லை. தொடர் இணைப்பில் சின்னச் சொம்புதான் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். அத்தோடு பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்திவிடும். ஆகவே நான் வாங்கியது 61 ஆம்பியர் அவர் பேட்டரி.

எவ்வளவு மிச்சம் இருந்தால் போதும் என்பதைத் தேவையில் இருந்து பின்னோக்கிப் போடுங்கள். எனக்கு இரவுக்கு 3 யூனிட். அதை 0.9ஆலும் 0.8ஆலும் வகுத்தால் 4.17. 51.8 வோல்ட்டுக்கு அது 80 ஆம்பியர் அவர், அதாவது 67 சதவீதம். சராசரியில் இல்லை, இருப்பதிலேயே மோசமான செல்லில் அவ்வளவு இருக்க வேண்டும். இன்னும் தேயும் என்பதால் என் மனக்கணக்கில் 75 சதவீதத்துக்குக் கீழே இப்போது தொட மாட்டேன். சோதனையோடு இன்னொன்றும் செய்யுங்கள்: ஏற்றிய செல்களை இரண்டு வாரம் சும்மா வையுங்கள். என் ஒன்பதாவது செல் 3.80இல் இருந்து 3.71க்கு இறங்கியது, மற்றவை அசையவில்லை. தானாக இறங்கும் செல்லுக்கு உள்ளே கசிவு இருக்கலாம். கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

விற்றவரிடம் கேட்டேன். "பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். சோதனைத் தாளைக் காட்டிய பிறகு, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு செல்களை மட்டும் மாற்றித் தந்தார். அவையும் சோதிக்காதவைதான், நானே போட்டுப் பார்த்ததில் ஒன்று 88, இன்னொன்று 79. இப்போது இன்வெர்ட்டர் காலை ஆறே முக்காலுக்குக் கத்துகிறது.