மூன்று செமஸ்டர் வாதக் கார்டுகள்: 1, 2, 3 என்று எண் போடாதீர்கள்

தத்துவ வகுப்புக் குறிப்பிலிருந்து வாதத்தைப் பிரித்து எண் போட்டு எழுதுவது, பிறகு மறுப்புக்கு ஒரு கார்டு, பதிலுக்கு ஒரு கார்டு என்று போடுவது: இந்த முறை தேறுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மூன்று செமஸ்டராகப் பயன்படுத்துவதால் சொல்கிறேன். முறை நல்லதுதான். எரிச்சல் முழுக்க அந்த எண்ணில் இருக்கிறது.

பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் பற்றிய வகுப்பில் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "உடலைச் சந்தேகிக்கலாம், மனசை முடியாது, அதனால் ரெண்டும் வேற." 1637-இல் வந்த அவருடைய நூலின் நான்காம் பகுதியில் உள்ள வாதத்தின் சுருக்கம் இது. அப்படியே எண் போட்டால் முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் எடுகூற்று இரண்டு, முடிவு ஒன்று, மொத்தம் மூன்று வரி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் இரண்டு வரியும் மெய்யாக இருந்து மூன்றாவது பொய்யாக முடியுமா என்று கேட்டால், முடியும். வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரிகள் நடுவே இருக்கின்றன. அவற்றைச் செருகியதும் முடிவு 3 என்பது 5 ஆகிவிடும். அதற்குள் "3-ஐ மறுக்கிறது" என்று நாலு கார்டு எழுதியிருப்போம். அந்த நாலும் இப்போது வேறு வரியைக் காட்டும். ஒரு வாதத்தை மூன்று தடவை திருத்தினால் கார்டுக் கட்டே குப்பை.

இதற்கு வழி, பழைய பேசிக் கணினி மொழி நிரல்களில் வரி எண் போட்ட மாதிரி பத்துப் பத்தாகத் தாண்டிப் போடுவது:

10. என் உடல் இருக்கிறதா என்று என்னால் ஐயப்பட முடியும்.
20. என் மனம் இருக்கிறதா என்று என்னால் ஐயப்பட முடியாது.
22. (மறைந்தது) இரண்டும் ஒன்றே என்றால், ஒன்றுக்கு உள்ள பண்பெல்லாம் மற்றதற்கும் உண்டு.
24. (மறைந்தது) "என்னால் ஐயப்பட முடிவது" என்பது அந்தப் பொருளுக்கே உள்ள பண்பு.
30. ஆகவே என் மனமும் உடலும் ஒன்றல்ல. (10, 20, 22, 24-இலிருந்து)

முடிவு வரியில் எதிலிருந்து வருகிறது என்று அடைப்புக்குள் எழுதுவதைத் தவிர்க்கவே கூடாது. எந்த வரியின் எண் அங்கே வரவில்லையோ, அது வாதத்துக்குத் தேவையில்லாத வரி. ஆசிரியர் சொன்ன உதாரணமோ வரலாற்றுத் தகவலோ எடுகூற்று வேஷம் போட்டிருக்கும். தூக்கி எறியலாம்.

இனி மறுப்புக் கார்டு. "மூளை இல்லாமல் மனம் ஏது?" என்று எழுதுவதுதான் வழக்கமான சறுக்கல். அது 30 பொய் என்கிறதே தவிர, எந்த வரி உடைகிறது என்று சொல்லவில்லை. கார்டின் முதல் வரியில் எண்ணை எழுத முடியவில்லை என்றால் அது மறுப்பல்ல, கருத்து வேறுபாடு. உருப்படியான கார்டு இப்படி இருக்கும்: "24 மீது. விடிவெள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அது இருப்பதை ஐயப்படுவதில்லை. அந்தி வெள்ளி என்று ஒன்று இருக்கிறதா என்று அவரே ஐயப்படலாம். இரண்டும் வெள்ளிக் கோள்தான். ஆகவே ஐயம் பொருளின் பண்பல்ல. அதை எந்தப் பெயரில் நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது."

கவனியுங்கள், 22-க்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மறைவரிகளையும் ஒரே வரியாக எழுதியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. இந்த முறையில் எதிர்பாராத சுகம் என்றால் இதுதான்: குறிப்பில் இல்லாத வரிதான் கடைசியில் சண்டைக் களம்.

பதில் கார்டில் "டெகார்ட் ஏற்கமாட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "வெள்ளி உதாரணத்தில் 'ஐயப்படவில்லை' என்பதுதான் இருக்கிறது, 20 சொல்வது 'ஐயப்படவே முடியாது'. உதாரணம் பொருந்தாது" என்பது பதில். ஓரளவு நியாயமும்கூட. ஆனால் முடியாமையும் எப்படி நினைக்கிறோம் என்பதைப் பொறுத்ததாக இருக்கலாமே என்று அடுத்த கார்டு கேட்கும். அங்கே நிறுத்திவிடுவேன். மூன்றாம் சுற்றுக்கு மேல் போனால் பெரும்பாலும் முதல் மறுப்பையே வேறு சொல்லில் எழுதிக்கொண்டிருப்போம்.

இன்னொரு பொறி: வாதத்தைக் காப்பாற்ற ஒரு வரியை மாற்றினால் அது பதில் கார்டு அல்ல, புது வாதம். 1641 நூலின் ஆறாம் தியானத்தில் ஐயத்தை விட்டுவிட்டு, மனத்தை உடலின்றித் தெளிவாக எண்ண முடிகிறது என்பதிலிருந்து டெகார்ட் வாதிடுகிறார். அதற்கு அவர் காலத்து இறையியலாளர் ஆர்னோ எழுப்பிய செங்கோண முக்கோண மறுப்பைப் பழைய 24-இன் கீழ் சொருகினால் இரண்டும் குழம்பும். புதுத் தாள், மறுபடி 10-இலிருந்து.

நண்பருக்கு என் பதில்: நேரம் குறைவென்றால் கார்டை விடுங்கள், அந்த ஐந்து வரியை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். கார்டுகளை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. நேற்றுதான் பழைய 1, 2, 3 கட்டு ஒன்றை உட்கார்ந்து மறுபடி எண் போட்டேன்.