சுளுக்கா, சீழா, சார்கோட்டா? ஒரே பாதத்துக்கு மூன்று கணிப்பு

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மாமாவின் இடது கால் வீங்கியது. பதினெட்டு வருடச் சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. தோப்பில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது கால் லேசாக மடங்கியதாம். வலி பெரிதாக இல்லாததால் ஒன்பது நாள் அதே காலோடு லோடு ஏற்றப் போய்வந்தார். நான் போனபோது பாதம் சிவந்து, செருப்பு வார் மாட்டாத அளவுக்கு உப்பியிருந்தது. புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இடது பாதம் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

வீட்டில் அத்தை சுளுக்கு என்றார். தைலம் போட்டு நீவி, துணியால் இறுக்கிக் கட்டியும் இருந்தார். ஆனால் சுளுக்கில் உணர்ச்சியுள்ள கால் வலிக்கும், வலி நம்மை உட்கார வைக்கும், சில நாளில் வீக்கம் வடியத் தொடங்கும். மரத்த கால் உட்கார வைப்பதில்லை. நாளுக்கு நாள் வீக்கம் கூடினால் சுளுக்கு என்ற கணிப்பைக் கைவிட வேண்டும். நீவுவதையும் நிறுத்த வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

முதலில் பார்த்த மருத்துவர் கிருமித்தொற்று என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினார். தப்பான சந்தேகம் இல்லை. தோலுக்கடியில் சீழ் பிடித்தாலும் கால் இப்படித்தான் சிவந்து சுடும். பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. படுக்கவைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே பத்து நிமிடம் தூக்கி வைத்தால், சார்கோட் பாதத்தில், அதாவது மரத்த காலில் எலும்பு மிருதுவாகி மூட்டுகள் இடம் பெயரும் நோயில், சிவப்பு நன்றாக வெளுக்கும். தொற்றில் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாமாவுக்கு வெளுத்தது. தோலில் புண், வெடிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் இது குறிப்புதான், முடிவு இல்லை. புண் இருந்தால் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், சில கால்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று முற்றுவதும் உண்டு. அதனால் எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய கால்தான் இது.

சார்கோட் என்ற மூன்றாவது கணிப்பைச் சொன்னவர் தருமபுரியில் பார்த்த எலும்பு மருத்துவர். நரம்பு மரத்த காலில் சின்ன அடி பட்டாலும் உள்ளே அழற்சி தொடங்குகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, எலும்பைக் கரைக்கும் செல்கள் மிகையாக வேலை செய்கின்றன. எலும்பு மிருதுவாகிறது. வலி தெரியாததால் ஆள் நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வொரு அடியும் நடுப்பாத மூட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்க்கிறது. பாதத்தின் உள்வளைவு சரிந்து தட்டையாகி, முற்றினால் அடிப்பாகம் படகு மாதிரி வெளியே பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் புண் வரும். அந்தப் புண் எலும்பு வரை போனால் காலை எடுக்கும் நிலைகூட வரலாம். அவசரம் என்று சொல்வது இதனால்தான். வளைவு சரிவதற்கு முன் பாரத்தை இறக்கினால் பாதத்தின் வடிவம் தப்பிக்கும். சரிந்த பிறகு என்ன செய்தாலும் பழைய வடிவம் தானாக வராது.

"எக்ஸ்ரே நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்று மாமா கேட்டார். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும் என்பதுதான் இந்த நோயின் பெரிய ஏமாற்று. எலும்புக்குள் நீர் கோத்திருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எம்.ஆர்.ஐ. கிடைக்கத் தாமதமானாலும் காத்திருக்காமல், சார்கோட் என்றே எடுத்துக்கொண்டு காலை ஊன்றாமல் வைக்க வேண்டும்.

சிகிச்சையிலும் தேர்வுகள் இருந்தன. கிரேப் பேண்டேஜும் ஓய்வும் போதாது. பாரத்தை அது தாங்காது. கழற்றி மாட்டும் பூட் குளிக்க வசதி, புண்ணையும் தினம் பார்க்கலாம். ஆனால் வலி தெரியாத மனிதர் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது அதை மாட்டுவாரா? மாமா மாட்டமாட்டார். முழங்காலுக்குக் கீழ்வரை பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டைத்தான் நானும் கேட்டேன், மருத்துவரும் அதையே சொன்னார். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் சீழ் பிடித்த புண்ணுக்கும் அது ஆகாது என்பதால் முதலில் நாடி பார்த்தார். வீக்கம் வற்றியதும் கட்டு தளர்ந்து உரசும் என்பதால் முதல் கட்டை மூன்றாம் நாளே மாற்றினார், அப்புறம் வாரம் ஒருமுறை.

கட்டு மாற்றும்போதெல்லாம் வெப்பமானியால் இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் அளந்தார். முதல் நாள் வித்தியாசம் 4 டிகிரி செல்சியஸ். 2 டிகிரிக்குக் கீழே வந்து, பல வாரம் அங்கேயே நின்று, எக்ஸ்ரேயிலும் எலும்பு கெட்டிப்பட்ட பிறகுதான் கட்டை எடுத்தார். ஐந்து மாதம் ஆனது. சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை பாரமெல்லாம் வலது காலுக்குப் போனதால், அதையும் அத்தை தினமும் தொட்டுப் பார்த்தார். மறுகாலிலும் இது வரக்கூடும்.

மாமாவின் இடது வளைவு கொஞ்சம் இறங்கிவிட்டது, மேற்கொண்டு சரியவில்லை. பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த செருப்போடு இப்போது தோப்புக்குப் போகிறார்.