மாதுளை ஜூஸ் விற்பவர் பேச்சைக் கேட்டு அப்பா கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்

இதய மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது இது.

அப்பாவுக்கு 67 வயது. 2021இல் ஸ்டென்ட் வைத்தார்கள். காலையில் பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, இரவில் கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின் 40, கூடவே ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. மூன்று வருடமாக ஒரு நாள்கூட தவறவிட்டதில்லை. கெட்ட கொழுப்பு 68இல் நின்றது. டாக்டருக்கும் எங்களுக்கும் நிம்மதி.

தினமும் காலையில் மைதானத்தில் நடக்கப் போவார். வாசலில் ஒரு மேசை, பிரஷர் மிஷின், சிவப்பு பேனர். இலவசமாகப் பிரஷர் பார்ப்பார்கள். வேகமாக நடந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் இருக்கும், அப்பாவுக்கு 158 என்று காட்டியிருக்கிறது. "மாத்திரை போட்டும் இப்படியா சார்?" என்று பேச்சைத் தொடங்கி, ஒரு சின்ன கிளாஸில் மாதுளை ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாள் பேக் 4,500 ரூபாய். காலையும் மாலையும் 250 மில்லி குடிக்க வேண்டுமாம்.

இதுவரை நடந்தது சாதாரண வியாபாரம். அதற்கு அப்புறம் சொன்னதுதான் விஷம். அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். கொழுப்பு மாத்திரையோடு மாதுளை சேர்ந்தால் தசை கரைந்துவிடும் என்று அதைக் காட்டிச் சொல்லிவிட்டு, "அதனால ஜூஸ் குடிக்கிற வரைக்கும் மாத்திரைய நிறுத்திடுங்க சார். ஜூஸே ரத்தக்குழாயைக் கழுவிடும்" என்றிருக்கிறார் அந்த ஆள். இரண்டும் மோதினால் ஜூஸை நிறுத்து என்பதுதானே நியாயம்? ஆனால் காசு கொடுத்து வாங்கியது ஜூஸ்.

அப்பா எங்களிடம் சொல்லவில்லை. அடார்வாஸ்டாடினை அடியோடு நிறுத்திவிட்டார். டெல்மிசார்டானை உடைத்துப் பாதி போட ஆரம்பித்தார். ஏழு வாரம் கழித்து வழக்கமான பரிசோதனைக்குப் போனபோதுதான் தெரிந்தது. கெட்ட கொழுப்பு 133. பிரஷர் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தும் 168/96. நான் அதிர்ந்து கேட்டதற்கு, "ரெண்டும் ஒத்துக்காதுன்னு ஆதாரத்தோட காட்டினாங்கம்மா" என்றார். அந்தக் குரலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கொழுப்பு மாத்திரையின் வேலை அது உடம்பில் இருக்கும் வரைதான் என்று டாக்டர் விளக்கினார். கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை அது அடக்கி வைக்கிறது. நிறுத்திய சில வாரங்களில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், ஆனால் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். பொய்யில்லை, 2006இல் வந்த உண்மையான கட்டுரைதான். ஆனால் அது ஒரே ஒரு நோயாளியின் கதை. 48 வயது ஆண், ஒருநாள் விட்டு ஒருநாள் ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை 5 மி.கி., கூடவே எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை, பல மாதமாகச் சாப்பிட்டு வந்தவர். வாரம் இரண்டு முறை 200 மில்லி மாதுளை ஜூஸ், மூன்று வாரம் குடித்திருக்கிறார். தொடை வலியோடு வந்தவருக்கு, தசை சிதைவைக் காட்டும் சி.கே. அளவு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது அது. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவருக்குத் தசைக் கோளாறு முன்பே இருந்திருக்கலாம் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அந்த ஆள் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

கிரேப்ஃப்ரூட் என்ற பழம் குடலில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை முடக்குவது மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது. அதனால் சிம்வாஸ்டாடின், அடார்வாஸ்டாடின், சில பிரஷர் மாத்திரைகள் ரத்தத்தில் கூடிவிடும். மாதுளையும் சோதனைக் குழாயிலும் எலியிடமும் அதே நொதியைத் தடுத்தது. ஆனால் 2007இல் மனிதர்களுக்கே ஜூஸ் கொடுத்து, அந்த நொதியால் உடையும் மிடாசோலம் என்ற மருந்தை வைத்துச் சோதித்தபோது மருந்தின் அளவு மாறவில்லை. அந்த 48 வயதுக்காரர் சாப்பிட்ட ரோசுவாஸ்டாடினோ அந்த நொதியைப் பெரிதாக நம்பியிருக்கும் மருந்தே இல்லை. ஆக, மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அங்கே ஆதாரம் இல்லை. ஜூஸ் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரு தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி, பலவீனம், கோலா நிறத்தில் சிறுநீர் என்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிரஷரிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மாதுளை ஜூஸ் மேல் அளவை 5 புள்ளி போலக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. 168க்கு அந்த ஐந்து என்ன செய்யும்? டாக்டர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. டெல்மிசார்டான் ரத்தத்தில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும், மாதுளை ஜூஸிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை இதயத் துடிப்பையே கெடுக்கலாம். அப்பாவுக்கு அன்று 5.3, மேல் வரம்பைத் தாண்டியிருந்தது. தினம் அரை லிட்டர் ஜூஸில் 60 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் உள்ளே போயிருக்கிறது.

பேனரில் பெரிதாகப் போட்டிருந்தது "ஆன்டிஆக்சிடன்ட்" எண். ஓராக் என்ற அந்த அளவு சோதனைக் குழாயில் எடுப்பது. அமெரிக்க வேளாண் துறையே தன் இணையதளத்தில் இருந்த ஓராக் பட்டியலை 2012இல் எடுத்துவிட்டது, அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதால். இன்னொன்று என் மனதை நிறையத் தெளிவாக்கியது. இங்கிலாந்தில் 20,536 பேரை ஐந்து வருடம் பார்த்த ஆய்வு, 2002இல் முடிவு வந்தது. ஒரே ஆட்களிடம் இரண்டையும் சோதித்தார்கள். வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் ரத்தத்தில் அந்தச் சத்துகளைக் கூட்டின, ஆனால் மாரடைப்பு குறையவில்லை. சிம்வாஸ்டாடின் 40 எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அப்பா எதை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நாங்க மாத்திரைய நிறுத்தச் சொல்லவே இல்லையே மேடம்" என்றார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் போனில் இருந்ததால் அதைப் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் என் போனை எடுக்கவில்லை. ரத்தக்கொதிப்பு, இதயநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பேனர் படம், ரசீது, பாட்டில் லேபிள், அந்தக் குரல் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். லேபிளில் முதல் பொருளாக ஆப்பிள் ஜூஸ் செறிவுதான் இருந்தது என்பதை அங்கேதான் கவனித்தேன். அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி.

இப்போது மாத்திரைகள் பழையபடி. ஆறு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. மேசை எங்கள் மைதானத்தில் இல்லை, வேறு பூங்கா வாசலில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் பார்த்தால் பேனரைப் படம் எடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள், வீட்டுப் பெரியவரின் மாத்திரை அட்டையை இன்று இரவே எண்ணிப் பாருங்கள்.