சுவரில் ஜன்னல் நிழல்: சிஓபி லைட், கறுப்பு அட்டை, நீண்ட நாள் பயன்பாட்டில்

எண்ணெய் பாட்டில், சோப்பு மாதிரியான சின்னப் பொருளுக்குப் பின்னால் ஜன்னல் வெயில் விழுந்ததுபோலக் காட்ட ஒரே சிறிய சிப்பிலிருந்து ஒளி தரும் 60 வாட் சிஓபி எல்இடி லைட் ஒன்றும், சட்டங்கள் விட்டு வெட்டிய கறுப்பு அட்டையும் போதும். நிஜ வெயிலில் இன்னும் அழகாக வரும்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 டிகிரி நகர்ந்துவிடும். இருபது பொருளுக்கும் ஒரே நிழல் வேண்டுமென்றால் அது கைகொடுக்காது.

முதல் வேலை, லைட்டில் மாட்டியிருக்கும் ரிஃப்ளெக்டரைக் கழற்றுவது. கழற்றினால் ஒளி சுமார் 2 செ.மீ. சிப்பிலிருந்து மட்டும் வரும். மாட்டியிருந்தால் 18 செ.மீ. வாய் முழுவதுமே விளக்காகிவிடும். லைட்டுக்கும் அட்டைக்கும் 150 செ.மீ., அட்டைக்கும் சுவருக்கும் 50 செ.மீ. என்று வையுங்கள். நிழல் விளிம்பின் மங்கல், ஒளி வரும் பரப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். சிப்புக்கு அது முக்கால் செ.மீ.கூட இல்லை, ரிஃப்ளெக்டருக்கு 6 செ.மீ. அட்டையில் சட்டம் 1.5 செ.மீ. என்றால் சுவரில் அதன் நிழல் 2 செ.மீ. தான். 6 செ.மீ. மங்கலில் அது கரைந்து, சாம்பல் கறையாக நிற்கும். அட்டை வெட்டும் முன் அதே இடத்தில் ஒரு பேனாவைப் பிடித்துப் பாருங்கள்: நிழலின் நடுவே கருமை தெரியாவிட்டால் அட்டையைச் சுவர்ப் பக்கம் தள்ள வேண்டும், அல்லது லைட்டைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். எல்இடி பேனல் இந்த வேலைக்கு வேண்டாம், பரப்பு பெரிது.

விளிம்பு கூர்மையாக இருந்தும் நிழல் வெளிறியிருந்தால் சிக்கல் வேறு. ரிஃப்ளெக்டர் இல்லாத லைட் நாலாபுறமும் சிதறும். வெள்ளைக் கூரையும் பக்கச் சுவரும் அதைத் திருப்பி நிழலுக்குள் கொட்டும். லைட்டின் இருபக்கமும் மேலேயும் கறுப்புத் துணி மறைப்பு வையுங்கள், சூடாவதால் ஒரு சாண் தள்ளி. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அப்புறம் நிழல் மிகக் கறுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்து, தூரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். தெர்மாகோலில் தொடங்கிப் பிறகு மறைப்பு தேடுவது தலைகீழ் வேலை.

இலை நிழலுக்குப் பிளாஸ்டிக் பாக்குப்பனை ஓலையே மேல். நிஜ ஓலை லைட் சூட்டில் சுருண்டு, முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நிழல் மாறிவிடும். ஒரே ஓலை வைத்தால் நிழல் ஸ்டென்சில் மாதிரி தட்டையாகத் தெரியும். ஒன்றைச் சுவரிலிருந்து 20 செ.மீ., இன்னொன்றை 60 செ.மீ. தூரத்தில் கிளிப்பில் மாட்டினால் ஒன்று கூர்மை, ஒன்று மங்கல். மரத்தடி நிழல் அப்படித்தான் விழும். ஃபேனை நிறுத்திவிட்டே ஷட்டரை அழுத்துங்கள்.

மேஜைமேல் எடுக்கும்போது, மேஜைப் பரப்பிலிருந்து 30 டிகிரியில் சாய்ந்து வரும் ஒளி ஜன்னல் கட்டங்களை இரண்டு மடங்கு நீட்டிவிடும். சதுரம் வேண்டுமானால் அட்டையில் கட்டத்தின் உயரத்தைப் பாதியாக வெட்டுங்கள். லேபிளில் பெயரின் குறுக்கே சட்ட நிழல் ஓடினால் பாட்டிலைத் திருப்பிப் பயனில்லை. பெயர் எழுத்துகள் சட்டங்களுக்கு இடையிலான ஒளியில் விழும்வரை அட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும்.