டிஆர்சியில் இரண்டு புள்ளி: முதலாளி சொன்ன வழியும் மற்ற வழிகளும்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் ஒரு இடத்தில் டிஆர்சி, அதாவது பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத்தான் காசு. 15 கிராம் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக அழுத்திக் கழுவி, 70 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்கக் காய வைப்போம். 5.1 கிராம் தேறினால் 34 சதவீதம்.

ஒரு வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் துண்டுகள் சரியாகக் காயவில்லை. உள்ளே ஈரம் இருப்பதைக் காட்டும் வெள்ளைப் புள்ளி இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் எடை போட்டுவிட்டேன். ஈரத்தோடு 5.4 கிராம், அதாவது 36. அந்த வாரம் வந்த 1,500 கிலோ பாலுக்கு 30 கிலோ ரப்பர் காசு கூடப் போய்விட்டது. கிலோ 180 என்று வைத்தாலும் 5,400 ரூபாய்.

முதலாளி திட்டவில்லை. “மக்ளே, இந்த வாரம் எல்லாருக்கும் ரெண்டு புள்ளி குறைச்சு எழுது, சரியாப் போயிரும்” என்றார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், தப்பு என்னுடையது, நஷ்டம் அவருடையது. அதனால் அவர் சொன்னபடி செய்வதுதான் நன்றி என்று முதலில் எனக்கும் பட்டது. மழை பெய்தாலே டிஆர்சி இறங்கும் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

ஆனால் ரெஜிஸ்டரைப் புரட்டியபோதுதான் உறைத்தது. போன வாரம் 200 கிலோ கொடுத்து 720 ரூபாய் கூட வாங்கியவர், மழைக்குப் பால் வெட்டு நிறுத்தியதால் இந்த வாரம் வரவே இல்லை. இந்த வாரம் புதிதாக வந்தவரோ போன வாரம் ஒரு பைசா கூட வாங்கியதில்லை, அவர் பாலில் ஏன் கை வைக்க வேண்டும்?

முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது இரண்டாவது வழி. என் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அடுத்து வருகிறவன் அதே 32-ஐ எழுதுவான், புதிதாக வந்தவருக்கு நஷ்டம் நஷ்டம்தான், முதலாளிக்கும் நான் ஒன்றும் செய்தவனாக மாட்டேன்.

நான் எடுத்தது மூன்றாவது. டிஆர்சி பத்தியில் உள்ளது உள்ளபடி 34. பக்கத்தில் ‘போன வாரக் கூடுதல்’ என்று தனிப் பத்தி போட்டு, கூட வாங்கியவர் பெயருக்கு நேராக மட்டும் தொகை. “பிடித்தம் செய்யணும்னா வெளிப்படையா செய்வோம் அண்ணாச்சி, டிஆர்சியை மாத்தணும்னா என் கையெழுத்து இல்லாம நீங்களே எழுதிக்குங்க” என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. இந்த வழியிலும் செலவு உண்டு: தப்பு செய்தது நான்தான் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும், சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் பாலைக் கொண்டு போகலாம்.

இரண்டு பேர் அப்படிப் போனார்கள். மற்றவர்கள் இரண்டு மூன்று தவணையாகக் கழிக்கச் சம்மதித்தார்கள். வெட்டு நிறுத்தியிருந்தவர் மழை விட்டபின் வந்து, அந்த வாரத் துண்டை எடுத்துக் காட்டச் சொன்னார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, “720-ஐ இதுலயே பிடிச்சுக்கோ” என்று கேனை இறக்கினார்.