85,000 ரூபாய் போச்சு: எஸ்.எஃப்.டி.பி. செட்டப் செய்து தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியை விழுங்கிவிடுவேன்.

கேத்திப் பக்கம் காய்கறிக் கொள்முதல் மையம் நடத்துகிறேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். விவசாயிகள் கொண்டுவருவதைத் தரம் பிரித்து, கிரேட் பெட்டிகளில் அடுக்கி, எடை போட்டு, நள்ளிரவுக்கு மேல் லாரி ஏற்றுவோம். குன்னூர் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் குடோனுக்கு லோடு போகும். இந்த வருடம் அந்தக் கம்பெனி ஒரு விதி போட்டது. லாரி கேட்டுக்கு வருவதற்கு முன்பே, எந்தக் கிரேட்டில் எந்த விவசாயியின் என்ன காய், எத்தனை கிலோ என்ற ஃபைல் அவர்களுடைய சர்வரில் எஸ்.எஃப்.டி.பி. என்ற பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை வழியாக வந்துவிட வேண்டும். ஃபைலில் இல்லாத கிரேட் உள்ளே போகாது.

அதற்கு அவர்கள் ஒரு பக்க விதிமுறை கொடுத்தார்கள். நல்ல விதிமுறைதான், தெளிவாகவே இருந்தது. ஃபைல் பெயரில் எங்கள் குறியீடு, தேதி, அன்றைய லோடின் வரிசை எண். முதலில் `.tmp` என்று முடியும் பெயரில் ஏற்றி, முழுதும் ஏறிய பிறகுதான் `.csv` என்று பெயர் மாற்ற வேண்டும். அவர்கள் படித்து முடித்ததும் `/out` என்ற ஃபோல்டரில் அதே பெயரில் `.ack` என்று ஓர் ஒப்புகை ஃபைல் வைப்பார்கள், ஃபைலில் தப்பு இருந்தால் `.nak`. பதினைந்து நிமிடத்தில் இரண்டும் வரவில்லை என்றால் அதே பெயரில் மறுபடி அனுப்ப வேண்டும்.

இதைச் செய்து தர ஆள் தேடினோம். கோவையில் சின்ன நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்யும் ஒரு சர்வீஸ் கம்பெனி கிடைத்தது. பெயரைப் போடவில்லை. 85,000 ரூபாய், பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தேன். "இதெல்லாம் நாங்க தினமும் பண்றதுதான் சார்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏமாந்த இடம் எது என்று யோசித்தால் அந்த டெமோதான். நல்ல வெயில் அடித்த நாள். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மூன்றே வரி உள்ள ஒரு ஃபைலை, தன் போனின் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பிக் காட்டினார். ஸ்க்ரீனில் நூறு சதவீதம் ஓடியது. லாக் ஃபைலைத் திறந்து SUCCESS என்ற வார்த்தையைத் தொட்டுக் காட்டினார். "இனி ராத்திரி நீங்க நிம்மதியா தூங்கலாம் சார், தானா போகும்" என்றார். என் மனைவி டீ கொடுத்தாள், எங்கள் கணக்குப்பிள்ளை அவருக்கு ஒரு பை கேரட் கட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே மீதிப் பணத்தையும் அனுப்பினேன். ஆக மொத்தம் 85,000 ரூபாய்.

ஜூலை காற்று தொடங்கியது. இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மரம் சாயும், கரண்ட் போகும், லைன் வந்து வந்து போகும். ஒரு விடிகாலை குடோன் கேட்டிலிருந்து டிரைவர் போன் செய்தார்: "அண்ணா, நூத்தி இருபத்தேழு கிரேட்டை இறக்க மாட்டேங்குறாங்க. ஃபைல்ல இல்லையாம்." லாரியில் ஏறியது 400 கிரேட். லாக்கைத் திறந்தேன். SUCCESS என்று இருந்தது.

கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவில் ஒரு பெண் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். "சார், உங்க ஃபைல் எங்ககிட்ட சரியா 32,768 பைட்தான் இருக்கு. கடைசி வரி பாதியில அறுந்திருக்கு." எங்கள் ஃபைலில் ஒரு கிரேட்டுக்கு ஒரு வரி, வரிக்குச் சுமார் 120 எழுத்து. 400 வரிக்கு 48,000 பைட் வர வேண்டும். sftp நிரல் ஃபைலை வழக்கமாக 32,768 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறதாம். முதல் துண்டு போய்ச் சேர்ந்தது, அடுத்ததற்குள் லைன் போய்விட்டது. அந்த ஒரு துண்டில் 273 முழு வரிகள் அடங்கும். மீதி 127. டிரைவர் சொன்ன அதே கணக்கு.

லைன் அறுந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஃபைலை `.tmp` என்ற பெயரில் ஏற்றியிருந்தால் அந்தப் பாதி ஃபைலை அவர்களுடைய நிரல் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. இவர் நேராக `.csv` என்றே ஏற்றியிருக்கிறார். அவர்கள் பக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோல்டரைப் பார்க்கும் நிரல், `.csv` கண்ணில் பட்டதும் முழு ஃபைல் என்று நம்பி எடுத்துக்கொண்டது. விதிமுறையில் இரண்டாவது வரியாக எழுதியிருந்த விஷயம் இது.

அப்படியானால் SUCCESS எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் கேட்டுக்கொண்டதால் ஸ்கிரிப்டை அனுப்பினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

```
sftp -b job.txt nlg07@host
echo "SUCCESS" >> send.log
```

முதல் வரி தோற்றாலும் ஜெயித்தாலும் இரண்டாவது வரி ஓடும். கம்ப்யூட்டர் எதையும் சரிபார்க்கவில்லை, SUCCESS என்று எழுது என்றார்கள், எழுதிவிட்டது. டெமோவில் விரலால் தொட்டுக் காட்டிய வார்த்தை இதுதான். இதற்கா 85,000 ரூபாய்?

சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். "எங்க லாக்ல சக்சஸ்னு இருக்கே சார்" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். "மலைல நெட் அப்படித்தான் சார், அது எங்க கையில இல்லை." பாதி ஃபைலின் ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறு ஒரு பையன் எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றான். கடைசியில் அவரே பேசினார், "ரீட்ரை போட்டுத் தர்றோம், இனி வராது" என்றார்.

அந்த ரீட்ரைதான் இன்னும் பெரிய வினை. sftp தோற்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அனுப்பும்படி மாற்றினார்கள். ஆனால் ஃபைல் பெயரில் லோடு எண்ணுக்குப் பதிலாக அனுப்பும் நேரத்தைப் போட்டுவிட்டார்கள். அடுத்த காற்று இரவில் ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் சர்வரின் கடைசிப் பதில் இங்கே வந்து சேரும் முன் லைன் அறுந்தது. ஸ்கிரிப்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு புதுப் பெயரில் இன்னொரு தடவை அனுப்பியது. குடோன் கணக்கில் இரண்டு ஃபைல், 800 கிரேட். வந்ததோ 400. கணக்கு ஒத்துவரவில்லை என்று அந்த லோடின் மொத்தப் பணத்தையும் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்கள் என் விவசாயிகள். வாசலில் வந்து நின்றவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன், ஊர் ஊராக சாஃப்ட்வேர் விற்பவர் இல்லை.

அதே பெயரில் மறுபடி அனுப்பு என்று விதிமுறை சொன்னதற்குக் காரணம் இதுதான். போனதா இல்லையா என்று அனுப்புபவருக்கு உறுதியாகத் தெரியாத தருணம் ஒன்று எப்போதும் வரும். அப்போது தயங்காமல் மறுபடி அனுப்பலாம், பெயர் ஒன்றாக இருந்தால் வாங்குபவர் பக்கம் "இது ஏற்கெனவே வந்தது" என்று தள்ளிவிடுவார்கள். பெயர் மாறினால் அவர்களுக்கு அது இன்னொரு லோடு. போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரே சாட்சி `/out` ஃபோல்டரில் வரும் `.ack` மட்டும்தான். அந்த ஃபோல்டரை இவர்களுடைய ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் பட்டியல் எடுத்து அனுப்பினார், நாங்கள் எடுக்காத ஒப்புகைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று `.nak`, ஒரே கிரேட் எண் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று காரணத்தோடு.

இதையெல்லாம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அக் செக் பண்றது ஸ்கோப்ல இல்லை சார். ஏ.எம்.சி. எடுத்தீங்கன்னா சேர்த்துப் பண்ணித் தரலாம்" என்றார். பராமரிப்பு ஒப்பந்தமாம், வருடத்துக்கு 18,000. கொடுத்த 85,000 ரூபாய்க்கு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

விவரமாக எழுத நினைத்தேன், லோடு ஏற்ற வேண்டும், அவசரமாகச் சொல்கிறேன். sftp படிக்கும் கட்டளைகள் உள்ள `job.txt` ஃபைலில் இந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்:

```
put load.csv /in/NLG07_20250716_0001.csv.tmp
rename /in/NLG07_20250716_0001.csv.tmp /in/NLG07_20250716_0001.csv
```

ஸ்கிரிப்டில் sftp வரிக்கும் echo வரிக்கும் நடுவே `&&` இருக்க வேண்டும், அப்போதுதான் தோற்றால் எழுதாது. அப்படியே எழுதினாலும் SENT என்று எழுதட்டும், `.ack` வந்த பிறகுதான் SUCCESS.

`.ack` வராவிட்டால் அதே பெயரில் மறுபடி. `.nak` வந்தால் மறுபடி அனுப்புவதில் பிரயோஜனமே இல்லை, அதே தப்புதான் திரும்பப் போகும். ஒரு மனுஷனுக்கு மெசேஜ் வர வேண்டும், அவர் ஃபைலைத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பெயரில் அனுப்புவது என்று வாங்குபவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

டெமோவை மூன்று வரி ஃபைலில் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உண்மையான லோடு அளவில், உங்கள் சொந்த லைனில், ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போதே நெட் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டு நிமிடம் கழித்துச் செருகுங்கள். எதிர்ப்பக்கம் போன் செய்து எத்தனை ஃபைல், எத்தனை வரி என்று கேளுங்கள். ஃபைல் சின்னதாக இருந்து கண் இமைப்பதற்குள் போய்விட்டால் `sftp -l 64` என்று வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிடுங்குங்கள். மீதிப் பணம் அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. செட்டப் செய்த ஆள், சர்வருக்குள் நுழைய உதவும் உங்கள் பிரைவேட் கீயின் நகலைத் தன் லேப்டாப்பில் வைத்திருப்பார். அவர் போனதும் புதுக் கீ உண்டாக்கி, அதன் பப்ளிக் கீயைச் சேர்த்து, பழைய பப்ளிக் கீயை நீக்கச் சொல்லி வாங்குபவருக்கு மெயில் போடுங்கள். நான் நேற்றுதான் போட்டேன்.